பத்து வீடுகளும் ஏழு என்ற சொல்லும்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு எனக்குக் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் வேலை கிடைத்தது. அதற்கு முன் வெள்ளவத்தைக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் சித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். புதிய இடம் ஒரு படக் கம்பெனி. கம்பெனி என்று சொன்னால் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. முன்னர் கொப்பரா சேமித்து வைத்த ஒரு நீளமான கட்டடத்தை மூன்றாகத் தடுத்திருந்தார்கள். ஒன்றில் படம் கழுவுவார்கள், ஒன்றில் குரல் பதிவார்கள், மூன்றாவதில் நான் இருந்தேன். மழை நாட்களில் சுவரிலிருந்து பழைய கொப்பரா வாசம் இறங்கும்.

அரசாங்கத் திணைக்களங்களுக்காக விளக்கப் படம் எடுப்பதுதான் எங்கள் தொழில். கிணற்றுக்குக் கட்டுக் கட்டுவது எப்படி, பிள்ளைக்குப் பால் காய்ச்சுவது எப்படி என்பது போன்றவை. படம் ஓடும், பின்னால் ஒரு குரல் விளக்கும். நடுநடுவே இலக்கங்களும் வரைபடங்களும் படத்தின் மேலேயே தோன்றி அசையும். அந்த இலக்கங்களையும் வரைபடங்களையும் செய்வது என் வேலை.

எப்படிச் செய்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கறுப்பு மட்டையில் வெள்ளையாக எழுதுவேன், அல்லது வெள்ளைக் கடதாசியில் வெட்டி ஒட்டுவேன். ஒரு மேசைக்கு மேலே, நேரே கீழ்நோக்கிப் பார்த்தபடி கமரா பூட்டியிருக்கும். அதன் கீழே மட்டையை வைத்து ஒவ்வொரு கட்டமாகப் படம் பிடிப்போம். ஒரு செக்கனுக்கு இருபத்து நான்கு கட்டங்கள். ஒரு தூண் வளர வேண்டுமானால், மட்டையில் ஒரு நீள வெட்டு வைத்து, அதன் அடியில் வெள்ளைப் பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளித் தள்ளி ஒவ்வொரு தடவையும் ஒரு கட்டம் எடுக்க வேண்டும். அந்தச் சுருளின் நெகட்டிவ்வில் எழுத்துக் கறுப்பாகவும் மீதியெல்லாம் கண்ணாடி போலவும் இருக்கும். அதை உண்மைப் படத்தின் நெகட்டிவ்வோடு ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்து அச்சிட்டால், எழுத்து இருக்கும் இடத்தில் வெளிச்சம் போகாது. அச்சில் அந்த இடம் வெள்ளையாக நின்றுவிடும். அவ்வளவுதான் விஷயம்.

கமராவைப் பார்த்தவர் மாளிகாவத்தையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் அவரை நானா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். அவர் அதிகம் பேசமாட்டார், பேசினால் சுருக்கமாக இருக்கும். கம்பெனி முதலாளி ஒரு பறங்கியர், ஐரோப்பிய வழி வந்தவர். உயரமானவர், ஆங்கிலம் மட்டும் பேசுவார், எங்கள் படங்களின் ஆங்கிலக் குரலும் அவருடையதுதான். தன் குரலில் அவருக்கு நல்ல பிரியம். அதில் பிழையும் சொல்ல முடியாது, நல்ல குரல்.

மலேரியா ஒழிப்புக்காகச் சுகாதாரத் திணைக்களத்துக்கு ஒரு படம் செய்யும் வேலை வந்தது. வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.டி. அடிக்க ஆட்கள் வரும்போது ஊர்ச் சனம் கதவைப் பூட்டிக்கொள்கிறது, அதனால் மருந்து ஏன் அடிக்க வேண்டும் என்பதைப் படமாகக் காட்ட வேண்டும் என்றார் பொறுப்பான டொக்டர். ஆங்கிலம், சிங்களம், தமிழ் என்று மூன்று மொழிகளில் குரல், எல்லாவற்றுக்கும் ஒரே படம்.

தமிழ்க் குரலுக்கு முதலாளி வெள்ளவத்தையில் ஒருவரைப் பிடித்தார். கொழும்பில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பித்தவர், யாழ்ப்பாணத்துக்காரர். கோயில் கூட்டமொன்றில் ஒலிபெருக்கி இல்லாமலே பின்வரிசைக்குக் கேட்கும்படி பேசினார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வேட்டிக்கு மேலே கோட் போட்டு, குடையோடு வருவார். எல்லாரும் அவரை மாஸ்டர் என்றோம்.

படத்தில் முக்கியமான இடம் ஒன்று இருந்தது. ஒரு கிராமத்தில் பத்து வீட்டுக்கு எத்தனை வீட்டில் காய்ச்சல் என்று காட்டுவது. டொக்டர் தந்த உண்மையான எண்ணிக்கை இப்போது எனக்கு நினைவில்லை. சொல்ல வசதியாக ஏழு என்று வைத்துக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் முதலாளி வாசித்த வசனம் ஏழு என்ற சொல்லில்தான் தொடங்கியது. ஏழு வீடுகள், ஒவ்வொரு பத்திலும் என்ற ஒழுங்கு. நானும் அதன்படியே செய்தேன். முதலில் முழு வெள்ளையாக ஏழு வீடுகள் வரிசையாக வரும், மேலே பெரிய 7 தோன்றும். பிறகு வெறும் கோட்டால் வரைந்த மூன்று வீடுகள் பக்கத்தில் வந்து சேரும், காய்ச்சல் இல்லாத வீடுகள். முதலாளியின் குரலோடு அது நன்றாகவே பொருந்தியது. அவர் ஏழு என்று வாய் திறக்கும் கட்டத்திலேயே இலக்கம் வந்தது.

தமிழ்க் குரலைப் பதிந்து சேர்த்த பிறகு, கொட்டாஞ்சேனையில் ஒரு கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பரீட்சைக்காகப் போட்டுப் பார்த்தோம். யன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டினோம். அக்கம்பக்கத்துச் சனமும் மட்டக்குளியிலிருந்து வந்த சில குடும்பங்களும் வாங்குப் பலகைகளில் இருந்தார்கள். முதலாளி பின்னால் நின்றார்.

அந்த இடம் வந்தது. மாஸ்டரின் குரல், "பத்து வீடுகளை எடுத்துக்கொண்டால்" என்று தொடங்கும்போதே திரையில் ஏழு வீடுகள் வந்து நின்றுவிட்டன. 7 என்ற இலக்கமும் வந்தது. அவர் பத்து என்கிறார், திரை ஏழு என்கிறது. அவர் ஏழுக்கு வந்து சேர்ந்தபோது கோட்டு வீடுகள் மூன்றும் வந்துகொண்டிருந்தன.

படம் முடிந்ததும் என்ன விளங்கியது என்று டொக்டர் கேட்டார். பிறகு முன்வாங்கில் இருந்த ஒரு மனுசி எழுந்தாள்.

"ஏழு வீடு பூசி முடிஞ்சிருக்கு. மற்ற மூணு வீடும் ஏன் சுவர் இல்லாம அரைவாசியில நிக்குது? சீமெந்து கிடைக்கேல்லையா?"

சிரிப்பு எழுந்தது. அவள் சிரிக்கவில்லை. யுத்தத்துக்குப் பிறகு சீமெந்துக்கு உண்மையிலேயே தட்டுப்பாடு இருந்த காலம். அவளுடைய கேள்வி நியாயமானது.

பின்வரிசையில் இருந்த ஒரு ஆள் இன்னொன்று சொன்னார். "இலக்கம் ஒண்டு வந்ததெண்டு பக்கத்தில இருந்தவன் சொன்னான். எனக்குத் தெரியேல்ல."

அது இரண்டாவது பிழை. ஆஸ்பத்திரிச் சுவரோரம் சனம் வரிசையில் நிற்கும் காட்சியின் மேல்தான் இலக்கத்தை வைத்திருந்தோம். சுவர் புதிதாகச் சுண்ணாம்பு அடித்தது. வீடுகள் கீழே கறுத்த தரையின் மேல் விழுந்ததால் தெரிந்தன, மேலே இலக்கம் மட்டும் வெள்ளைச் சுவரில் வெள்ளையாக நின்றது. கம்பெனியில் சின்னத் திரையில் பார்த்தபோது எழுத்தின் விளிம்பு எங்களுக்குத் தெரிந்தது, ஏனென்றால் எங்கே பார்க்க வேண்டும் என்று எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதோடு வரிசையில் நின்ற ஒரு பிள்ளை தாயின் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டே இருந்தது. மண்டபம் முழுக்க அந்தப் பிள்ளையைத்தான் பார்த்தது.

அடுத்த நாள் முதலாளி மாஸ்டரைக் கூப்பிட்டார். தமிழ்க் குரல் பிந்துகிறது, ஆங்கிலத்தைப் போல ஏழு என்பதை முதலில் சொல்லும்படி வசனத்தை மாற்றட்டும் என்றார். நான்தான் இடையில் நின்று மொழிபெயர்த்தேன்.

"ஏழு வீடுகள், பத்தில் எண்டு சொல்லட்டாம்," என்றேன்.

மாஸ்டர் குடையைச் சுவரில் சாத்தினார். "பிள்ளை, நீர் ஒரு கடைக்குப் போய்ப் பத்து மாம்பழத்தில ஏழு அழுகல் எண்டு சொல்லுவீரோ, ஏழு அழுகல் பத்தில எண்டு சொல்லுவீரோ?"

"பத்தில ஏழு எண்டுதான், மாஸ்டர்."

"அப்ப அதை அவருக்குச் சொல்லும்."

சொன்னேன். முதலாளி நேரமானியைக் கையில் எடுத்துக்கொண்டு, எப்படியாவது வேகமாக வாசிக்கட்டும் என்றார். மாஸ்டர் குரல் பதியும் அறைக்குள் போய் வேகமாக வாசித்தார். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. பத்து என்பதை விழுங்கிவிட்டு ஏழுக்கு ஓடினார். இரண்டாம் தடவை வாசிக்கும்போது பாதியில் நிறுத்திவிட்டு வெளியே வந்தார்.

"இது ஏலம் கூறுறவன்ர வேலை. நான் படிப்பிக்கிறவன்," என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முதலாளி கோபப்படவில்லை. வேறு குரல் தேடலாம் என்றார், மதியச் சாப்பாட்டுக்குப் போனார்.

நானும் நானாவும் அறையில் தனியே இருந்தோம். அவர் தன் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்க்காமல் மேசையிலிருந்த என் வெட்டு வீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோட்டு வீடுகளை எடுத்து வரிசையில் வைக்கத் தொடங்கினார்.

"மூணு தான் ஈக்கி. இன்னும் ஏழு கோட்டு வீடு கீறுங்க தங்கச்சி," என்றார்.

"ஏன் நானா?"

"சிங்களம் வாசிச்ச ஐயாவும் பத்து தான் முதல்ல சொல்றாரு. நான் கேட்டேன். இங்கிலீசு மட்டும் தான் தலகீழா வருது. ரெண்டு பாஷைய திருப்பறதா, ஒரு பாஷைய திருப்பறதா?"

நான் இதை யோசித்திருக்கவில்லை. சிங்கள வசனத்தை நானும் கேட்டிருந்தேன், ஆனால் பிழை மாஸ்டரில் என்ற பேச்சு எழுந்ததால் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. இன்னும் ஏழு கோட்டு வீடுகள் வரைந்தேன். பத்துக் கோட்டு வீடுகளையும் மட்டையில் வைத்தோம். பிறகு ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை வீடு ஒன்றை வைத்து மூடிப் பார்த்தோம். வீட்டுக்குள் காய்ச்சல் புகுவதுபோல வெள்ளை நிரம்பியது. ஏழாவதில் நிறுத்தினோம். மீதி மூன்றும் முதலிலிருந்தே அங்கே நின்ற வீடுகளாகவே இருந்தன. அவற்றுக்குச் சுவர் கட்டவில்லையா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

படச்சுருளுக்கு அப்போது பெரிய தட்டுப்பாடு. முதலாளியிடம் கேட்டால் தரமாட்டார். மற்ற வேலைகளில் மிஞ்சிய துண்டுச் சுருள்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. பரீட்சைக்கு அவற்றைப் பாவிக்க நானாவுக்கு அனுமதி இருந்தது. "பரீட்சை தானே," என்றார் அவர்.

ஆனால் எதற்குப் பொருத்தி எடுப்பது? எந்தக் கட்டத்தில் எந்த வீடு நிரம்ப வேண்டும் என்று குரல் இல்லாமல் சொல்ல முடியாது. வேகமாக வாசித்த குரல் உதவாது. எனவே அன்று வேலை முடிந்ததும் கோட்டைக்குப் போய், ரயிலேறி வெள்ளவத்தையில் இறங்கி, நேரே மாஸ்டரின் வீட்டுக்குப் போனேன். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் வாடகை வீடு. அவர் மனைவி என்னை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தா. மாஸ்டர் கட்டுரைக் கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தார்.

"முதலாளி அனுப்பினவரோ?" என்று கேட்டார்.

"இல்லை மாஸ்டர். நானாகத்தான் வந்தனான்."

விஷயத்தைச் சொன்னேன். பத்து வீடுகளைத் தேத்தண்ணிக் கோப்பையோடு தந்த பிஸ்கட்டுகளால் மேசையில் வைத்தும் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இவ்வளவு நாளும் நீங்கள் படத்தைக் கீறிப்போட்டு என்னை அதுக்குப் பின்னால ஓடச் சொன்னியள். நான் முதல் பேசுறன். நீங்கள் பிறகு கீறுங்கோ. அப்ப வாறன்."

"சம்மதம்," என்றேன். சம்மதம் சொல்ல எனக்கு அதிகாரம் இருந்ததா என்று தெரியவில்லை.

"இன்னொண்டு. நான் வசனத்தை மாத்துவன். பத்து வீடுகளைப் பாருங்கள். காய்ச்சல் கண்ட வீடுகள், ஏழு. இலக்கத்தைக் கடைசியில வைப்பம். கடைசிச் சொல்லுத்தான் காதில நிக்கும்."

மாஸ்டர் வந்து பதிந்தார், யாரும் அவசரப்படுத்தவில்லை. முதலாளி அன்று துறைமுகப் பக்கம் போயிருந்தார். கழுவிக் காய்ந்த ஒலிச் சுருளை ஒலி வாசிக்கும் கருவியில் போட்டுக் கையால் சுற்றினோம். முன்னும் பின்னும் ஓட்டி, ஒரு சொல் தொடங்கும் இடத்தில் மெழுகுப் பென்சிலால் கோடு போட்டோம். ஏழு என்ற சொல் சின்னது. அதன் 'ஏ' தொடங்கும் கட்டத்தைக் கண்டுபிடிக்க நானா கையை நிறுத்தி நிறுத்தித் தேடினார். பிறகு கட்டங்களை எண்ணி ஒரு நீளக் கடதாசியில் எழுதினேன். சொல் மேலே, அதற்கு நேரே எந்த வீடு என்பது கீழே.

முதல் தடவை நான் இலக்கத்தை அந்த 'ஏ' வருவதற்குச் சற்று முன்னாலேயே வைத்தேன். கண்ணுக்கு நேரம் கொடுக்கலாம் என்ற நினைப்பு. போட்டுப் பார்த்தபோது மாஸ்டர் திரையைப் பார்த்து வாசிப்பதுபோல இருந்தது. இலக்கம் அவருடைய வாயிலிருந்து சொல்லைப் பறித்துவிட்டது. அடுத்ததாகச் சொல் முடிந்தபின் வைத்தோம், அது பிந்தி ஓடிவந்த பிள்ளை மாதிரி இருந்தது. சொல் தொடங்கும் அதே கட்டத்தில் வைத்தபோதுதான் காதும் கண்ணும் ஒன்றாகப் பிடித்தன. அத்தோடு, ஏழாவது வீடு அந்த நேரத்துக்குள் நிரம்பி முடிந்திருக்க வேண்டும் என்பதும் விளங்கியது. வீடு இன்னும் நிரம்பிக்கொண்டிருந்தால் யாரும் இலக்கத்தைப் பார்ப்பதில்லை. அசைவது எதுவோ அதற்குத்தான் கண் போகும். எனவே "காய்ச்சல் கண்ட வீடுகள்" என்று மாஸ்டர் ஆறுதலாகச் சொல்லி, ஏழுக்கு முன் விட்ட இடைவெளியும் சேர்ந்த நீளத்துக்குள் ஏழு வீடுகளையும் ஒவ்வொன்றாக நிரப்பி, எல்லாம் ஓய்ந்தபின் 7 வரும்படி செய்தோம். வந்தபிறகு அவர் அடுத்த வசனம் தொடங்கும்வரை அசையாமல் நிற்க விட்டோம்.

எந்தக் காட்சியின் மேல் வைப்பது என்பதை நானா முடிவு செய்தார். ஆஸ்பத்திரிச் சுவரை அச்சில் கறுப்பாக்கலாமா என்று நான் கேட்டேன். வெளிச்சத்தைக் கூட்டி அச்சிட்டால் படம் கறுக்கும், அது எங்களுக்குத் தெரிந்த வழிதான்.

"மொகமும் கறுத்திடும். ஆக்கள் பேய் மாதிரி நிப்பாங்க," என்றார். மலேரியாப் பகுதியில் அவரே எடுத்த மற்றச் சுருள்களைத் தேடி, குளக்கட்டில் பெரிய மரமொன்றின் நிழல் திரையில் பாதியை மூடியிருந்த ஒரு காட்சியை எடுத்தார். அதில் யாரும் இல்லை, கமராவும் அசையவில்லை. நிழலுக்குள் என் வீடுகள் தெளிவாக நின்றன. இலக்கத்தையும் நான் புதிதாக எழுதினேன். கோட்டைத் தடிப்பாக்கி, 7 இன் தலைக்கோட்டை நீட்டினேன். தூரத்தில் நின்று பார்த்தால் அது 1 ஆகிவிடக் கூடாது.

சேர்த்து அச்சிட்டதும் முதலாளிக்குப் போட்டுக் காட்டினோம். மாஸ்டரும் வந்திருந்தார். முதலாளி முழுதும் பார்த்தார், மறுபடி ஓட்டச் சொன்னார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, சுருள் எங்கேயிருந்து வந்தது என்பது. துண்டுகள் என்றார் நானா. அடுத்ததாக, தன் ஆங்கில வசனம் இதோடு பொருந்தாதே என்றார்.

"உங்கள் வசனத்தைத் திருப்பினால் பொருந்தும், சேர்," என்றேன் ஆங்கிலத்தில். "பத்து வீடுகளைப் பாருங்கள் என்று தொடங்கலாம். அதில் காய்ச்சல் உள்ளவை எத்தனை என்று சொல்லி, ஏழு என்பதைக் கடைசியில் வைக்கலாம். ஆங்கிலத்துக்கு அது பிழையில்லையே."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் எனக்கு வேலை போய்விடும் என்று பட்டது. அதற்காகப் பயந்தேனா என்று இப்போது யோசித்தால், அதிகம் பயப்படவில்லை, பாடசாலைக்குத் திரும்பிப் போகலாம் என்ற எண்ணம் இருந்தது. நானாவுக்குத்தான் அப்படி ஓர் இடம் இல்லை. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

முதலாளி எழுந்து குரல் அறைக்குள் போனார். உள்ளேயிருந்து அவர் புதிய வசனத்தை மெதுவாகச் சொல்லிப் பார்ப்பது கேட்டது. ஒரு தடவை, இன்னொரு தடவை. வெளியே வந்து, "அப்படியும் சொல்லலாம்," என்றார். அதற்குமேல் அந்த விஷயத்தை அவர் பேசவேயில்லை. சிங்கள, தமிழ், ஆங்கிலக் குரல்கள் மூன்றையும் அளந்து, மூன்று மொழிகளுக்கும் தனித்தனியாக வீடுகளை எடுக்கத் திணைக்களத்திடம் புதிய சுருள் வாங்கித் தந்தார். ஒழுங்கு ஒன்றுதான் என்றாலும் சொற்களின் நீளம் மூன்றிலும் மூன்று விதமாக இருந்தது.

படத்தை வடக்கே கொண்டுபோக முன், டொக்டர் அதே கோயில் மண்டபத்தில் இன்னொரு தடவை காட்டச் சொன்னார். இந்த முறை ஞாயிற்றுப் பள்ளிப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். மாஸ்டர் எனக்குப் பக்கத்தில், கோட்டைப் போட்டுக்கொண்டு நேராக இருந்தார். படத்திலிருந்து வரும் தன் குரலை ஒரு மண்டபத்தில் கேட்பது அதுதான் அவருக்கு முதல் தடவை.

மர நிழலில் பத்து வீடுகள் வந்தன. "காய்ச்சல் கண்ட வீடுகள்" என்று குரல் தொடங்கியதும் முதல் வீடு நிரம்பியது. முன்னாலிருந்த ஒரு பிள்ளை, "ஒண்டு" என்றது. இரண்டாவதுக்கு நாலைந்து பேர் சேர்ந்தார்கள். அதன் பிறகு பிள்ளைகள் எல்லாரும் கத்தத் தொடங்கினார்கள். பெரியவர்கள் சிலரும் வாயசைத்தார்கள். 7 வந்து நின்றபோது மண்டபம் முழுக்க ஏழு என்று கத்தியது. மாஸ்டரின் ஏழு யாருக்கும் கேட்கவில்லை.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"என்ர குரலை ஆர் கேட்டது?" என்றார்.

அவருக்குக் கோபமா இல்லையா என்று இருட்டில் எனக்குத் தெரியவில்லை. திரையில் மருந்து அடிக்கிறவர்கள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தார்கள். பிள்ளைகள் மெல்ல மெல்ல அமைதியானார்கள், மாஸ்டரின் குரல் மறுபடி கேட்கத் தொடங்கியது. அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்து, தான் சொல்வதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.